ராயப்பரோடு வந்த மார்த்தாள்

ஜோகூர் பாரு தந்தி ஆபீசில் கேப்ரியலைப் பார்த்தால் எல்லாருக்கும் ஓர் இரக்கம். பாவம், பெரிய குடும்பஸ்தர். தினமும் காலையில் சிங்கப்பூரிலிருந்து அவருக்குத் தந்தி வரும். அதில் இரண்டே பெயர்கள். ஒரு நாள் "ராயப்பர் மரியாள்" என்று இருக்கும், இன்னொரு நாள் "சின்னப்பர் மார்த்தாள்" என்று இருக்கும். அக்கரையில் யாரோ சாகக் கிடக்கிறார்கள், யாரோ எழுந்து உட்கார்கிறார்கள் என்று தந்திச் சேவகன் தானாகவே முடிவுகட்டி, மார்த்தாளம்மாவுக்கு உடம்பு தேவலையா என்று மலாயில் விசாரிப்பான். தேவலை என்று கேப்ரியலும் சொல்லிவைப்பார்.

உண்மையில் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் மனிதர் யாரும் இல்லை. நியூயார்க் ரப்பர் சந்தைதான் இருந்தது. கேப்ரியல் ஸ்டேஷனுக்கு எதிரே ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடையில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி. அவருடைய சகலை சந்தனசாமி, சிங்கப்பூரில் வெளிநாட்டுக் கேபிள் வரும் தரகர் ஆபீசில் கிராணி. முப்பத்தேழாம் வருஷம் ஜனவரியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குறிமொழி கண்டுபிடித்தார்கள். நியூயார்க்கில் விலை ஏறினால் ராயப்பர், இறங்கினால் சின்னப்பர். தீராத ஒப்பந்தங்கள் கூடினால் மரியாள், குறைந்தால் மார்த்தாள். அப்போஸ்தலர்களையும் புனிதைகளையும் இப்படி வியாபாரத்துக்கு இழுத்தது பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்க கேப்ரியலுக்குத் தைரியம் வரவில்லை.

இந்தத் தீராத ஒப்பந்தம் என்ற சங்கதி ஜோகூரில் தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. சகலையின் ஆபீசில் யாரோ போட்டுவிட்டுப் போன அமெரிக்கத் தரகர் பத்திரிகை ஒன்றைப் படித்ததிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. சாப்பாட்டுக் கடையானாலும் சரி, முடிவெட்டும் கடையானாலும் சரி, ஆள் கிடைத்தால் உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். கெர்ட்ரூட், அதாவது அவர் மனைவி, மீன் கழுவிக்கொண்டே இதை நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள். கடைசியில் மீன்காரனுக்கே அவள் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

விஷயம் கஷ்டமானதல்ல. பின்னால் ஒரு மாதத்தில் சரக்கு தருகிறேன், இன்ன விலை என்று ஒருவன் விற்கிறான், ஒருவன் வாங்குகிறான். அது ஒரு கயிறு. முனைக்கு ஓர் ஆள். சரக்குக் கைமாறும்வரை, அல்லது அவனவன் எதிர்ப்பேரம் செய்து கழன்றுகொள்ளும்வரை, அந்தக் கயிறு அவிழாது. அப்படி அவிழாமல் இருக்கும் கயிறுகளின் எண்ணிக்கைதான் தீராத ஒப்பந்தம். ஒருவன் தன் முனையைப் புதிதாக வந்தவன் கையில் கொடுத்துவிட்டுப் போனால் எண்ணிக்கை மாறாது. புதிதாக இரண்டு பேர் வந்து பிடித்தால் ஒன்று கூடும். பழையவர் இரண்டு பேரும் விட்டுவிட்டால் ஒன்று குறையும். அன்றைக்கு எத்தனை பேரம் நடந்தது என்பது வேறு கணக்கு.

விலையும் ஏறி, கயிறும் கூடினால், புது ஆட்கள் துணிந்து வாங்க வருகிறார்கள். ஏற்றத்துக்குத் தெம்பு இருக்கிறது. விலை ஏறி, கயிறு குறைந்தால், முன்பு விற்றுவைத்தவர்கள் பயந்துபோய்த் திருப்பி வாங்கிக் கழன்றுகொள்கிறார்கள். அவர்கள் வாங்குவதால்தான் விலை ஏறுகிறது, அவர்கள் முடித்ததும் ஏற்றமும் முடியலாம். விலை இறங்கி, கயிறு கூடினால், புதிதாக விற்க வருகிறவர்களின் கை ஓங்குகிறது. இறக்கம் இன்னும் போகலாம். இரண்டும் குறைந்தால், வாங்கிவைத்தவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டுப் போகிறார்கள். இறக்கம் ஓய்ந்தாலும் ஓயும். எல்லாமே "லாம்", "லும்" என்றுதான் முடியும். கேப்ரியல் சொல்லும்போது மட்டும் அந்த விகுதிகள் எப்படியோ காணாமல் போய்விடும்.

இந்தப் பேச்சைக் கேட்டு மயங்காமல், ஆனால் பொறுமையாகக் கேட்டவர் அங்கம்மா. கோத்தா திங்கி ரோட்டில் அவருக்கு ஒரு சின்னத் தோட்டம். ரோடு போடும் காண்டிராக்டராக இருந்த புருஷன் விட்டுப்போனது. ரப்பர் விலை தரைமட்டமான வருஷங்களில் அங்கம்மா பாதி ஆட்களை நாகப்பட்டினம் கப்பலுக்கு அனுப்பினார். மீதி ஆட்களின் சம்பளத்தை வெட்டினார். வெட்டும்போது, நல்ல காலம் வந்தால் பழைய சம்பளத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஆட்கள் முன்னால் சொல்லியிருந்தார். நல்ல காலம் வந்துவிட்டதுபோல இருந்தது. ஆனால் ரப்பரை நம்பி வாக்குக் கொடுக்கிற அளவுக்கு அவர் ஏமாளி இல்லை. சித்திரை முதல் டிசம்பர்வரை வெட்டப்போகும் பால் முழுவதையும் சிங்கப்பூர் தவுக்கே ஒருவருக்கு, அதாவது சீன முதலாளிக்கு, ஒரே விலைக்கு முன்கூட்டியே விற்றுவிட வேண்டும். அந்த விலையைப் பார்த்து, சித்திரை பிறக்கும் முன் ஆட்களுக்குச் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். தவுக்கே தினமும் விலை சொல்லத் தயார். எந்த நாள் சரி என்று சொல்வது கேப்ரியலின் பொறுப்பு.

"நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்க தம்பி. சொன்ன சம்பளத்த நான் மறுபடி குறைக்க மாட்டேன்" என்றார் அங்கம்மா.

இந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டு கேப்ரியல் ஒன்றரை மாதம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். ராயப்பரும் மரியாளும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தார்கள். பொறுங்கள், பொறுங்கள் என்று அவர் சொல்லிவந்தார். பிப்ரவரி கடைசியில் திடீரென்று ராயப்பரோடு மார்த்தாள் வர ஆரம்பித்தாள். மறுநாளும் மார்த்தாள். அதற்கு மறுநாளும் அவளேதான். விலை ஏறுகிறது, கயிறு அவிழ்கிறது. கேப்ரியலுக்குப் புல்லரித்தது. பத்திரிகையில் படித்த வெற்று ஏற்றம் இதோ கண்முன்னால் நடக்கிறது. உலகத்தில் இதை உணர்ந்தவர்கள் நியூயார்க்கில் இரண்டு பேர், ஜோகூரில் ஒருவர்.

சனிக்கிழமை பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனார். ஏற்றம் பொக்கு, திங்கட்கிழமை விற்றுவிடுங்கள் என்றார். அங்கம்மா யோசித்தார். போன வாரம்வரை பொறுக்கச் சொன்னவர் இன்றைக்கு அவசரப்படுத்துவது ஏன் என்று கேட்டார். கேப்ரியல் வெற்றிலைத் தட்டையும் பாக்குவெட்டியையும் இழுத்துவைத்து, அவற்றை வாங்குகிறவனாகவும் விற்கிறவனாகவும் ஆக்கி விளக்கினார். சரி, திங்கட்கிழமை விற்றுவிடலாம் என்று அங்கம்மா ஒப்புக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சீனக் கிழவருக்கும் கேப்ரியல் மலாயில் கொஞ்சம் பாடம் நடத்தினார். கிழவர் தூங்குகிறவர் போல நடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சந்தனசாமி பாலத்தைத் தாண்டிச் சாப்பிட வந்தார். தபசு காலம், இறைச்சி இல்லை. கெர்ட்ரூட் மீன் குழம்பு வைத்திருந்தாள். கேப்ரியல் தன் தீர்க்கதரிசனத்தைச் சாவகாசமாகப் பரிமாறினார். சந்தனசாமி முள் எடுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, மார்த்தாள் வருவதில் என்ன அதிசயம், மார்ச் ஒப்பந்தம் தீரப்போகிறதே என்றார்.

"மார்ச்சுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் கேப்ரியல்.

"நான் அனுப்புறது மார்ச் மாசத்துக் கணக்குத்தான சகலை. கிட்ட வர்ற மாசம் மட்டும் போதும்னு நீங்கதான சொன்னீங்க. சரக்கு எடுக்க இஷ்டமில்லாதவன் எல்லாம் மார்ச்ச முடிச்சுட்டு, மே, ஜூலைன்னு போய் உக்கார்றான். மார்ச் குறையத்தான செய்யும்."

கேப்ரியலின் கையிலிருந்த கவளம் தட்டுக்கே திரும்பிப் போனது. சொன்னது அவர்தான். ஷீட் கடைக்காரனுக்கு நடப்பு மாதம்தான் உலகம். இந்த மாதம் வந்த ஷீட், இந்த மாதம் போகிற லாரி, இந்த மாதத்து விலை. இருபது வருஷம் அந்தக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து, அடுத்த மாதங்களுக்கும் தனித்தனிக் கயிறுகள் உண்டு, அத்தனையையும் கூட்டினால்தான் கணக்கு என்பது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. ஆட்கள் கழன்று ஓடவில்லை. ஒரு பெஞ்சிலிருந்து எழுந்து அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லா மாதமும் சேர்த்தால் எப்படி என்று ஈனக் குரலில் கேட்டார். சேர்த்தால் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, போன வாரம் நிறையவே ஏறியது, புது ஆட்கள் என்றார் சந்தனசாமி. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

"அப்ப நேத்து அந்தம்மாகிட்ட சொன்னது?" என்று கெர்ட்ரூட் கேட்டாள்.

கேப்ரியல் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். கை கழுவினாரா என்பது அவருக்கே ஞாபகமில்லை. பஸ்ஸில் போகும்போது, ஊரில் இல்லாத அறிவாளி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். நாற்காலிக்குக் கால் எத்தனை என்று கேட்டால் முன்னால் தெரிகிற இரண்டை எண்ணிச் சொல்லுகிற ஜாதி நீ என்று சொல்லிக்கொண்டார். கோத்தா திங்கி வருவதற்குள் இந்தத் திட்டுகளிலேயே ஓரளவு சமாதானமாகிவிட்டார். தன்னைத் திட்டிக்கொள்வதிலும் அவருக்குச் சாமர்த்தியம் உண்டு.

அங்கம்மாவிடம் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னார். ஒரு மாதத்தை மட்டும் பார்த்துவிட்டேன், கூட்டிப் பார்த்தால் தலைகீழ், விற்காதீர்கள் என்றார். அங்கம்மா சிரித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. தப்பென்று தெரிந்த அன்றைக்கே பஸ் ஏறி வந்தீர்களே, அது போதும் என்றார். இனி எல்லா மாதத்தையும் கூட்டித்தான் தந்தி வரும் என்று கேப்ரியல் உறுதி சொன்னார். விலை திரும்புகிற அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே வந்து சொல்கிறேன் என்றும் கேட்காமலே வாக்குக் கொடுத்தார்.

மார்ச் மாதம் முழுவதும் ராயப்பரும் மரியாளும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ரப்பர் விலை ஏறியது. தந்திச் சேவகன், மார்த்தாளம்மா போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று துக்கமாக விசாரித்தான். கேப்ரியலுக்குத் தலைகால் புரியவில்லை. கடைத்தெருவில் சந்தைக்கார கேப்ரியல் என்று பெயர் கிடைத்தது. அது கேலியா என்று அவர் ஆராயவில்லை. ஈஸ்டருக்கு ஒரு புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு, கோயில் வாசலில் நின்று, ரப்பர் இந்த வருஷம் எதுவரை போகும் என்று ஒரு தொகையைச் சொன்னார். பங்குச் சாமியார் உட்பட எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பையும் கவளத்தையும் இவ்வளவு சீக்கிரம் ஒரு மனிதன் மறக்க முடியுமா என்று கெர்ட்ரூட் வியந்தாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில், சித்திரை பிறக்கச் சில நாளே இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை. தந்தியில் "சின்னப்பர் மரியாள்" என்று இருந்தது. விலை இறக்கம், கயிறு கூடுதல்.

கேப்ரியலுக்கு அதைப் பார்த்ததும் அதன் பொருள் தெரிந்தது. புதிதாக விற்க வந்திருக்கிறார்கள், அவர்கள் கை ஓங்கியிருக்கிறது. இதை அவர் முடிவெட்டும் கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு நாள் தந்தியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று இன்றைக்குத்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. அது நியாயமான ஞானம்தான். பிறந்த நேரம்தான் சரியில்லை.

புதன்கிழமையும் சின்னப்பர் மரியாள். இறக்கம் பெரிது. சகலை பழையபடி ஒரே மாதத்தை எடுத்து அனுப்புகிறாரோ என்று கேப்ரியலுக்கு ஒரு நப்பாசை. கடை டெலிபோனில் சிங்கப்பூரைக் கூப்பிட்டார். எல்லா மாதமும் கூட்டித்தான் அனுப்பினேன், இரண்டு தடவை கூட்டினேன் என்றார் சந்தனசாமி. மூன்றாம் தடவை கூட்டிப் பார்க்கும்படி கேப்ரியல் கேட்டுக்கொண்டார். கூட்டினாலும் அதே விடைதான் வந்தது. தவுக்கே அங்கம்மாவுக்குச் சொல்லும் விலையும் அன்றைக்கே இறங்கியிருந்தது.

அப்போதே மத்தியான பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. முதலில் பொறு என்றான், அப்புறம் விற்று விடு என்றான், மறுநாளே வேண்டாம் என்றான், இப்போது திரும்ப விற்கச் சொல்கிறான் என்று அங்கம்மா நினைப்பாரே. கோயில் வாசலில் சொன்ன தொகை என்னாவது. சந்தைக்கார கேப்ரியல் என்ற பெயர் என்னாவது. நாளைக்கு ஒரு ராயப்பர் வந்துவிட்டால் இந்த அவமானம் எதுவும் வேண்டியதில்லை. அன்று மாலை அவர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். நியூயார்க்கில் விற்கிறவர்களின் மனத்தைத் திருப்ப வேண்டும் என்று மன்றாடினார்.

வியாழக்கிழமை தந்தியிலும் ராயப்பர் இல்லை. கேப்ரியல் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் கடையில் ஷீட் எடையைச் சரிபார்த்தார். யாரும் அவரைச் சரிபார்க்கச் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருந்தவரைக் கெர்ட்ரூட் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க தப்பு பண்ணிட்டு ஓடினீங்க. இன்னிக்குத் தப்பே பண்ணல, உக்காந்திருக்கீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் போனார். அங்கம்மா கணக்கறையில் இருந்தார். கேப்ரியல் நின்றுகொண்டே சொன்னார். விலை இறங்கி, தீராத ஒப்பந்தம் கூடுகிறது, இன்னும் இறங்கும் போலிருக்கிறது, இன்றைக்கே விற்றுவிடுங்கள். வெற்றிலைத் தட்டை இழுத்துவைக்கவில்லை. அங்கம்மாவும் விளக்கம் கேட்கவில்லை. எப்போதிலிருந்து இப்படி வருகிறது என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்று கேப்ரியல் சொன்னார். அந்த அறை அவருக்குச் சட்டென்று சிறியதாகிவிட்டது.

"ஒரு நாளைக்குப் பொறுத்துப் பாத்தீங்கன்னா அது சரி. புதன்கிழமை ஏன் வரல?" என்றார் அங்கம்மா.

பஸ் தவறிவிட்டது, உடம்பு சரியில்லை, கடையில் வேலை என்று மூன்று பதில்கள் வரிசையாக வாய்வரை வந்தன. மூன்றையும் விழுங்கிவிட்டுக் கேப்ரியல் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கம்மா தவுக்கேக்கு ஆள் அனுப்பி அன்றைய விலைக்கே எல்லாவற்றையும் விற்றார். அது மோசமான விலை இல்லை. அடுத்த மாதங்களில் ரப்பர் போன போக்கைப் பார்த்தவர்கள் அந்தம்மா தப்பித்துக்கொண்டார் என்றுதான் பேசினார்கள். ஆனால் செவ்வாய், புதன் விலைக்கு விற்றிருந்தால் வெட்டிய சம்பளம் முழுவதும் திரும்பியிருக்கும். வெள்ளிக்கிழமை விலைக்குப் பாதிதான் திரும்பும். அங்கம்மா பென்சிலை வைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டில் நான் ஆட்களுக்குச் சம்பளத்தைச் சொல்கிறேன், ஏன் பாதி என்பதை நீங்கள் சொல்லுங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. கேப்ரியல் அன்றைக்குத் தோட்டத்துக் கிராணி வீட்டில் தங்கினார்.

பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். தோளில் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பு, இடுப்பில் மரம் சீவும் உளி. சம்பளம் சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்ததால் பெண்கள் சிலர் தலை வாரிப் பூ வைத்திருந்தார்கள். வெட்டியதில் பாதிதான் திரும்பும் என்று அங்கம்மா சொன்னார். கேப்ரியல் முன்னால் வந்து நின்றார். ஈஸ்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது இப்போதுதான் அவருக்கே உறுத்தியது. விலை விழப்போகிறது என்று எனக்கு முன்னாலேயே தெரியும், வந்து சொல்லத் தாமதித்துவிட்டேன், அதனால்தான் பாதி என்றார். நியூயார்க்கைப் பற்றியும் தந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அதற்குள் போய் ஒளிந்துகொள்வோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முன்வரிசையில் கருப்பாயி நின்றிருந்தாள். புருஷனைச் சரிவுக் காலத்துக் கப்பலில் அனுப்பிவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு இங்கேயே நின்றுவிட்ட பால்வெட்டுக்காரி. தெரிந்தும் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டாள். அவள் குரலில் சண்டை இல்லை. விளங்கவில்லை, அதனால் கேட்கிறாள்.

"வெக்கமா இருந்துச்சும்மா" என்றார் கேப்ரியல். "ஊரெல்லாம் ஏறும்னு சொல்லிட்டேன். மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கருப்பாயி தோளிலிருந்த காண்டாவைக் கீழே இறக்கிவைத்தாள்.

"அந்த வெக்கத்த எங்க சம்பளத்துல புடிச்சிக்கிட்டீங்களாக்கும், கிராணி ஐயா" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கேப்ரியலுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கங்காணி அவரவர் வெட்ட வேண்டிய மர நிரையைப் பிரித்துக் கொடுத்தார். ஆட்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் போனார்கள். கேப்ரியல் காலியான களத்தில், கோட்டின் பொத்தானைப் போடுவதா கழற்றுவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.